தொடர்களுக்கு ஒரு சரி–தவறு பட்டியல்: ஜாம் தேர்வுக்கு நான் தயாரித்த விதம்

ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. கணிதம் சேர நினைத்து ஜாம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் என்னை மிகவும் திணறடித்தது எம்.எஸ்.க்யூ. பகுதி. 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். கொடுத்திருக்கும் நான்கு கூற்றுகளில் எத்தனை வேண்டுமானாலும் சரியாக இருக்கலாம். சரியானவை அத்தனையையும் குறித்தால்தான் மதிப்பெண். ஒன்றை விட்டாலும், தவறான ஒன்றைச் சேர்த்தாலும் பூஜ்யம். தவறுக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், ஆனால் பாதி மதிப்பெண்ணும் தர மாட்டார்கள்.

டிசம்பரில் எழுதிய ஒரு மாதிரித் தேர்வில் முடிவிலாத் தொடர்களிலிருந்து மூன்று கேள்விகள் வந்திருந்தன. மூன்றிலுமே மூன்று கூற்றுகளைச் சரியாகக் கணித்துவிட்டு நான்காவதில் விட்டிருந்தேன். கிடைத்தது பூஜ்யம். அன்றுதான் இந்தப் பட்டியலை ஆரம்பித்தேன்.

முதலில் செய்த முறை தவறு. பழைய வினாத்தாள்கள், பயிற்சிக் கணக்குகள் எல்லாவற்றிலிருந்தும் கூற்றுகளை எழுதி, பக்கத்தில் ‘ச’ அல்லது ‘த’ என்று போட்டேன். 43 வரிகள் வந்தன. ஒரு வாரம் கழித்து விடையை மறைத்துவிட்டு எழுதிப் பார்த்தால் 29தான் சரி. காரணம் தெளிவாகவே தெரிந்தது. “Σa_n ஒருங்கினால் Σa_n² ஒருங்கும்” என்பது தவறு. “a_n ≥ 0, Σa_n ஒருங்கினால் Σa_n² ஒருங்கும்” என்பது சரி. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு நிபந்தனைதான் வித்தியாசம், நான் மனப்பாடம் செய்திருந்ததோ மீதி வாக்கியத்தை. (ஒருங்கும் என்று நான் எழுதுவது, வகுப்பில் கன்வர்ஜ் ஆகும் என்று சொல்வதைத்தான்.)

விடுதியில் எங்களுக்கு மூத்த அக்கா ஒருவர் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தார். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “வர்க்கம் தவறுன்னு போட்டிருக்கியே, எந்தத் தொடர் இதை உடைக்குது?” என்று கேட்டார்.

“(-1)^n/√n அக்கா. அது குறி மாறி மாறி வர்றதால ஒருங்குது. வர்க்கம் எடுத்தா 1/n ஆயிடுது.”

“சரி. மும்மடி எடுத்தா?”

“மும்மடியில குறி அழியாதே அக்கா. அப்ப ஒருங்கும்.”

“உன் தொடருக்கு ஒருங்கும். எல்லாத் தொடருக்கும் ஒருங்குமா?”

எனக்குப் பதில் வரவில்லை. (-1)^n/√n-ஐ மும்மடி செய்தால் (-1)^n/n^(3/2) வருகிறது, அது மட்டு மதிப்போடு சேர்த்தே ஒருங்குகிறது. ஒரு தொடரில் சரிவந்ததைப் பார்த்துவிட்டுக் கூற்றே சரி என்று நினைத்திருந்தேன். அக்கா விடையைச் சொல்லவில்லை. “கூட்டல் ஒரு பெரிய எண்ணையும் ரெண்டு பாதியையும் ஒண்ணாத்தான் பார்க்கும். மும்மடி அப்படிப் பார்க்காது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரவு உட்கார்ந்து போட்டேன். உறுப்புகளை மூன்று மூன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். k-ஆவது கூட்டத்தில் இருப்பவை:

```
1/∛k,  -1/(2∛k),  -1/(2∛k)
```

k = 8 என்று வைத்தால் 1/2, -1/4, -1/4. கூட்டினால் பூஜ்யம். ஒவ்வொரு கூட்டமும் முடியும்போது பகுதிக் கூடுதல் பூஜ்யத்துக்கே திரும்பிவிடுகிறது. நடுவில் அதிகபட்சம் 1/∛k தூரம் போகும், அதுவும் குறைந்துகொண்டே பூஜ்யத்துக்குப் போகிறது. ஆகவே தொடர் ஒருங்குகிறது, கூடுதல் 0. இப்போது மும்மடி: 1/8 - 1/64 - 1/64 = 6/64 = 3/32. பூஜ்யமாகவில்லை. பொதுவாக k-ஆவது கூட்டத்தின் மும்மடிகள் சேர்ந்து

```
1/k - 1/(8k) - 1/(8k) = 3/(4k)
```

இது 1/k-இன் முக்கால் பங்கு. Σ1/k விரிவதால் மும்மடித் தொடரும் விரிகிறது. கூற்று தவறு. அந்த 3/32 தாளில் வந்து நின்றபோதுதான், ‘த’ என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு தொடர் இருந்தாக வேண்டும் என்பது எனக்குள் இறங்கியது.

மறுநாளே பழைய பட்டியலை ஓரம் வைத்துவிட்டு மூன்று கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில் கூற்று, இரண்டாவதில் அதை உடைக்கும் தொடர், மூன்றாவதில் எந்த நிபந்தனையைச் சேர்த்தால் கூற்று சரியாகும் என்பது. எனக்கு அதிகம் உதவியது மூன்றாவது கட்டம். வினாத்தாளில் மாற்றி வைப்பது பெரும்பாலும் அந்த நிபந்தனையைத்தான். வர்க்கத்துக்கு அங்கே “a_n ≥ 0” என்று எழுதினேன். உறுப்புகள் பூஜ்யத்துக்குப் போவதால் ஒரு கட்டத்துக்குப் பிறகு எல்லாம் 1-க்குக் கீழே வந்துவிடும், அப்புறம் a_n² ≤ a_n, ஒப்பீட்டுச் சோதனை போதும்.

இப்படி நிரப்பியபோது இன்னொன்று தெரிந்தது. எதிர் உதாரணங்கள் நிறைய வேண்டியதில்லை, ஒரே தொடர் பல கூற்றுகளை உடைக்கும். நான் அதிகம் பயன்படுத்தியது இது, n = 2-இலிருந்து:

```
a_n = 1/√n + (-1)^n/n
```

முதல் சில மதிப்புகள் ஏறத்தாழ 1.207, 0.244, 0.75, 0.247. எல்லாம் மிகை எண்கள், பூஜ்யத்துக்கும் போகின்றன, ஆனால் ஏறி ஏறி இறங்குகின்றன. இப்போது Σ(-1)^n a_n-ஐ எழுதினால் Σ(-1)^n/√n-உம் Σ1/n-உம் சேர்ந்து வருகிறது. முதலாவது ஒருங்கும், இரண்டாவது விரியும், ஆகவே மொத்தமும் விரியும். “மிகை உறுப்புகள் பூஜ்யத்துக்குப் போனால் குறி மாறும் தொடர் ஒருங்கும்” என்ற கூற்று இங்கே உடைகிறது. மூன்றாவது கட்டத்தில் “உறுப்புகள் குறைந்துகொண்டே வர வேண்டும்” என்று எழுதினேன். லைப்னிட்ஸ் சோதனையில் பலரும் அவசரத்தில் விட்டுவிடுவது அந்த நிபந்தனையைத்தான்.

இதே தொடர் எல்லை ஒப்பீட்டுச் சோதனைக்கும் உதவும். (-1)^n a_n-ஐ (-1)^n/√n-ஆல் வகுத்தால் 1 + (-1)^n/√n, அதன் எல்லை 1. விகிதத்தின் எல்லை 1 ஆக இருந்தும் ஒன்று ஒருங்குகிறது, இன்னொன்று விரிகிறது. அந்தச் சோதனை மிகை உறுப்புகளுக்கு மட்டும்தான் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஏன் என்பது இந்த வரியை எழுதியபோதுதான் புரிந்தது.

அடுத்து n·a_n. மிகை உறுப்புகள் கொண்ட Σa_n ஒருங்கினால் n·a_n → 0 ஆகுமா? 1/n², 1/2^n என்று பழகியவற்றைப் போட்டுப் பார்த்தால் ஆகிறது. உடைக்க வேண்டுமானால் அங்கங்கே மட்டும் பெரிய உறுப்பை வைக்க வேண்டும். n வர்க்க எண்ணாக இருந்தால் a_n = 1/n, இல்லாவிட்டால் 1/n². வர்க்க எண்களின் உறுப்புகள் 1, 1/4, 1/9 என்று Σ1/k²-ஆகவே வருவதால் கூடுதல் முடிவுள்ளது. ஆனால் ஒவ்வொரு வர்க்க எண்ணிலும் n·a_n = 1. மூன்றாவது கட்டத்தில் மறுபடியும் “குறைந்துகொண்டே வர வேண்டும்”. அந்த நிபந்தனை இருந்தால் கூற்று உண்மை.

திருப்பிப் போட்டால், அதாவது n·a_n → 0 என்றால் Σa_n ஒருங்கும் என்றால், குறைந்துகொண்டே வந்தாலும் தவறுதான். 1/(n ln n) அதை உடைக்கிறது. இந்தத் தவறான கூற்றை 1827-இல் ஒலிவியே என்பவர் ஓர் ஆய்விதழில் தேற்றமாகவே வெளியிட்டிருந்தார். மறு ஆண்டே ஆபெல் அதே இதழில் இந்தத் தொடரைக் காட்டி மறுத்தார். அதைப் படித்த பிறகு இந்த வரி எனக்கு ஒருமுறைகூட மறக்கவில்லை.

சரியான கூற்றுகள்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தன. உடைக்கும் தொடர் கிடைக்கவில்லை என்பதற்காக ‘சரி’ போட முடியாது, மும்மடியில் பட்டது போதும். அதனால் கையிலிருக்கும் தொடர்களைப் போட்டுப் பார்த்து எதுவும் உடைக்காவிட்டால், இரண்டு வரியிலாவது நிரூபணம் எழுதிய பிறகுதான் ‘ச’ போடுவது என்று வைத்துக்கொண்டேன். உதாரணமாக, a_n ≥ 0, Σa_n ஒருங்கினால் Σ√a_n/n ஒருங்குமா? கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரியைவிடக் குறையாது என்பதிலிருந்து

```
√a_n · (1/n) ≤ (a_n + 1/n²)/2
```

வலப்பக்கம் ஒருங்குகிறது, ஆகவே சரி. இதில் n-க்குப் பதிலாக √n வைத்து ஒரு கூற்றை நானே உண்டாக்கினேன். a_n = 1/(n (ln n)²) ஒருங்கும். ஆனால் √a_n/√n = 1/(n ln n), அது விரியும். ஆகவே தவறு. இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதி வைத்தேன். இப்படிப் பக்கத்துக் கூற்றை நாமே தயாரித்துப் பார்ப்பது, பத்துப் பழைய கேள்விகளைத் திரும்பப் பார்ப்பதைவிட எனக்கு அதிகம் கொடுத்தது.

ஒரு தவறை ஜனவரி வரை செய்துகொண்டிருந்தேன். கேள்வியில் “மிகை உறுப்புகள்” என்று இருக்கும், நான் (-1)^n/√n-ஐக் காட்டி ‘தவறு’ போட்டுவிடுவேன். எதிர் உதாரணம் கேள்வியின் நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் உட்பட்டிருக்க வேண்டும், முடிவை மட்டும்தான் மீற வேண்டும். அதன்பிறகு நிபந்தனை ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் கோடு போட்டு, என் தொடர் அதற்கு உட்படுகிறதா என்று டிக் செய்துவிட்டுத்தான் விடைக்குப் போனேன். ஒரு கூற்றுக்குக் கூடுதலாக அரை நிமிடம் ஆகும். அந்தத் தவறு அதோடு நின்றது.

தேர்வுக்கு முந்தைய இரவு பட்டியல் ஒரே தாளில் 22 வரிகளாக இருந்தது. ஒரு வரி மட்டும் காலி: “இரண்டு தொடர்கள் ஒருங்கினால் அவற்றின் கோஷி பெருக்கமும் ஒருங்கும்.” தவறு என்று தெரியும், உடைக்கும் தொடர்தான் இல்லை. பழைய (-1)^n/√n-ஐயே n = 0-இலிருந்து தொடங்குமாறு (-1)^n/√(n+1) என்று எழுதி, அதையே அதோடு பெருக்கிப் பார்த்தேன். n-ஆவது உறுப்பில் குறிகள் எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. அதன் அளவு, k = 0 முதல் n வரை 1/√((k+1)(n-k+1)) என்பவற்றின் கூட்டல். மறுபடியும் அதே சராசரி விதிப்படி ஒவ்வொன்றும் குறைந்தது 2/(n+2). மொத்தம் n+1 உறுப்புகள் இருப்பதால் கூட்டல் குறைந்தது 2(n+1)/(n+2), அது ஒருபோதும் 1-க்குக் கீழே போகாது. உறுப்பே பூஜ்யத்துக்குப் போகாத தொடர் ஒருங்க வழியில்லை. மூன்றாவது கட்டத்தில் “இரண்டில் ஏதாவது ஒன்று மட்டு மதிப்போடு ஒருங்கினால் போதும், மெர்ட்டென்ஸ் தேற்றம்” என்று எழுதித் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். மணி பதினொன்றேகால்.