அப்பாவின் கடைக்கு எதிருரை

8 ஜூலை 2018, ஞாயிறு

கடை வீட்டுக்காரர் அப்பா மேல் கேஸ் போட்டிருக்கிறார். சம்மன் வந்து நான்கு நாள் ஆகியிருக்கிறது, எனக்கு இன்றைக்குத்தான் சொல்கிறார்கள். "வெளிநாட்டுல இருக்கற பொண்ணு, எதுக்கு வீண் கவலைன்னுதான்" என்று அப்பா இழுத்தார். கேஸ் மனுவைத் தம்பி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சிங்கப்பூரில், ஈசூன் வீட்டில் என் அறைக் கட்டிலில் உட்கார்ந்து, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன்.

கும்பகோணத்தில் எங்கள் பாத்திரக்கடைக்கு 32 வயது. எனக்கு வயது அதைவிட மூன்று கூட. மனு முன்சீப் கோர்ட்டில், 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ். மூன்றாம் பத்திதான் உயிர்: மனுதாரரின் மகன் டிப்ளமா முடித்துவிட்டு செல்போன் பழுதுபார்க்கும் கடை வைக்க இருக்கிறார், அதற்கு இந்தக் கடை தேவை, மனுதாரருக்கோ குடும்பத்தாருக்கோ கும்பகோணத்தில் வேறு கடைக்கட்டிடம் எதுவும் கிடையாது.

கிடையாதா? மேல வீதியில் இரண்டு ஷட்டர் வைத்த கட்டிடம் யாருடையதாம்?

11 ஜூலை, புதன்

தம்பி ஒரே குதி. "அவருக்கே வேற கடை இருக்குல்ல, அதைச் சொன்னாலே கேஸ் முடிஞ்சுதுக்கா." அதோடு நிற்கவில்லை. கடை இருக்கும் இடம் முன்பு வேறு யாருக்கோ சொந்தம், பத்திரத்தில் குளறுபடி, "நீ ஓனரே இல்லைன்னு ஒரு போடு போடுவோம்" என்கிறான்.

இரவு வக்கீல் சாரிடம் பேசினேன். இங்கே பதினொன்றரை, அங்கே ஒன்பது. ஓனரே இல்லை என்ற யோசனையைக் கேட்டதும் சத்தம் போட்டார். 32 வருஷம் அந்த மனுஷன் கையில் வாடகை கொடுத்து ரசீது வாங்கிய பிறகு, நல்லெண்ணம் இல்லாமல் அவர் உரிமையை மறுத்தால், அந்த மறுப்பே காலி செய்யச் சொல்ல இன்னொரு காரணம் ஆகிவிடுமாம். சட்டத்திலேயே இருக்கிறது. எதிருரையின் முதல் வரியிலேயே "மனுதாரர் கட்டிட உரிமையாளர் என்பதையும் நான் வாடகைதாரர் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதச் சொன்னார். தம்பியிடம் இதைச் சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டான்.

15 ஜூலை, ஞாயிறு

இன்றைக்கு வக்கீல் சார் ஒரு மணி நேரம் கொடுத்தார். எனக்குப் புரிந்த அளவில் எழுதி வைக்கிறேன், மறந்துவிடும்.

வேறு கடை இருக்கிறது என்பது மட்டும் போதாது. சட்டம் கேட்பது, அந்த ஊரில் சொந்தமான கடைக்கட்டிடம் எதிலாவது அவரோ குடும்பத்தாரோ தங்கள் தொழிலை நடத்திக்கொண்டு இருக்கிறார்களா என்பதை. நடத்தினால் இந்தப் பிரிவில் மனுவே நிற்காது. இவர் எதிலும் நடத்தவில்லை. மேல வீதிக் கட்டிடத்தில் இரண்டு ஷட்டரும் வாடகையில். அதனால் நேர்க் கதவு எங்களுக்கு அடைத்துவிட்டது.

ஆனால் பக்கக் கதவு ஒன்று திறந்திருக்கிறது. தேவை உண்மையானதுதான், நல்லெண்ணத்தோடு கேட்கிறார் என்று நீதிபதிக்குத் திருப்தி வந்தால்தான் உத்தரவு. மகனுக்குக் கடை வேண்டும் என்று நினைக்கிற தகப்பன், கையில் காலியாக வந்த கடையை வேறு ஆளுக்கு விடுவானா? கேள்வி இதுதான். "இடம் எங்க இருக்குங்கறதை விட, எப்ப காலியாச்சு, அப்புறம் என்ன ஆச்சு, அதைச் சொல்லும்மா" என்றார். தேதி, தேதி, தேதி. மனுஷர் கணக்கு வாத்தியாராகியிருக்கலாம்.

இன்னொன்றையும் சொன்னார். "மேல வீதி கடை அவர் பையனுக்கு நல்லா செட் ஆகும்" என்று எழுதவே கூடாது. எந்த இடத்தில் தொழில் செய்வது என்று வீட்டுக்காரருக்கு வாடகைதாரர் பாடம் எடுக்க முடியாது, கோர்ட் அதைக் காதில் வாங்காது.

17 ஜூலை, செவ்வாய்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஜவுளிக்கடை முதலாளியிடம் சொன்னேன். சிராங்கூன் சாலையில் தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம். "இங்கயும் அந்தக் காலத்துல அப்படி ஒரு சட்டம் இருந்துச்சும்மா. எங்க தாத்தா கடைக்கு வாடகையைக் கேட்டா சிரிப்பே" என்றார். 2001-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இங்கே எழுதிய காலம் முடிந்தால் முடிந்ததுதான், வீட்டுக்காரர் தனக்குத் தேவை என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. என் அறைக்கும் அதே கதிதான். வீட்டுக்கார அக்கா நாளைக்கே "மருமகள் வர்றா" என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

21 ஜூலை, சனி

வில்லங்கம் பார்த்தேன். பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் இங்கிருந்தே பார்க்க முடிகிறது. ஆனால் சர்வே எண் வேண்டும், கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கட்டிடக்காரரின் பத்திரத்தில் எல்லை விவரத்தில் இருந்த நகர சர்வே எண்ணைத் தம்பி வாங்கி அனுப்பினான். கோபம் போய்விட்டது போல.

மேல வீதிக் கட்டிடம் கிரயம் ஆனது 1998-இல், வீட்டுக்காரர் பெயரிலேயே. மனைவி பெயரில் இருந்திருந்தால் இன்னும் இழுபறி ஆகியிருக்கும். "வேறு கட்டிடம் கிடையாது" என்று சத்தியம் செய்தவர் பெயரில் கிரயப் பத்திரம். கோர்ட்டுக்கு ஸ்கிரீன்ஷாட் போதாது, கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் எடுக்க வேண்டும். அது தம்பி வேலை.

ஆனால் யார் குடியிருக்கிறார், எப்போது வாடகைக்கு விட்டார் என்பதெல்லாம் வில்லங்கத்தில் வராது. பதினொரு மாத ஒப்பந்தத்தை யார் பதிவு செய்கிறார்கள்? அதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டும்.

22 ஜூலை, ஞாயிறு

கிடைத்துவிட்டது! அதுவும் எங்கள் கல்லாப்பெட்டியிலிருந்தே.

மேல வீதிக் கட்டிடத்தில் ஒரு ஷட்டரில் தையல்கடை இருந்தது. தையற்காரர் ஜனவரியில் காலி செய்துவிட்டுப் போனார். ஏப்ரல் கடைசி வரை பூட்டுதான். மே மாதம் அங்கே ஒரு ஃபேன்சி ஸ்டோர் வந்தது. கடைத்தெரு வழக்கப்படி திறப்பு விழாவுக்கு அப்பாவையும் அழைத்திருக்கிறார்கள். அந்த அழைப்பிதழை அப்பா தூக்கிப் போடவில்லை. பத்திரிகை எதையும் அவர் போட மாட்டார், அம்மாவுக்கு அதில் தீராத சண்டை. நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் பிள்ளையார், கீழே "16.5.2018 புதன்கிழமை" என்ற தேதியும் கதவு எண்ணும் தெளிவாக. மனு போட்டது ஜூன் 18. இடையில் ஒரு மாதமும் இரண்டு நாளும்தான்!

அப்பா இன்னொன்றும் எடுத்தார். மார்ச் மாத வாடகை ரசீது. முன்பக்கம் 6,500 ரூபாய், வீட்டுக்காரர் கையெழுத்து. பின்பக்கம் அவர் கையாலேயே, பால்பாயிண்ட் பேனாவில்: "ஏப்ரல் முதல் 18,000. அட்வான்ஸ் 5 ல." அன்றைக்கு அப்பா முடியாது என்றிருக்கிறார். வக்கீல் சாருக்குப் போனில் படித்துக் காட்டினேன். "லேமினேட் கீமினேட் பண்ணிடாதீங்க, அப்படியே பாலிதீன் கவர்ல போட்டு வைங்க" என்றார். ஆனால் அதைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டாம் என்றும் சொன்னார். வாடகை கூட்டிக் கேட்பது குற்றம் இல்லை. அது மட்டும் தனியாக இருந்தால் எடுபடாது. மார்ச்சில் கூடுதல் வாடகை, மே மாதம் காலிக் கடை வேறு ஆளுக்கு, ஜூனில் மகனுக்குத் தேவை, இந்த வரிசையில் வைத்தால்தான் அதற்குப் பலம்.

28 ஜூலை, சனி

வீட்டுக்காரர் ஜூன் மாத வாடகையை வாங்க மறுத்துவிட்டார். அப்பா பேசாமல் திரும்பி வந்து, பணத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நல்லவேளை, வக்கீல் சார் கேட்டார். வாங்க மறுத்தார் என்பதற்காகக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் "வேண்டுமென்றே பாக்கி" என்று இன்னொரு மனு வரும். அதோடு, பாக்கியைக் கட்டாமல் வழக்கை எதிர்த்து வாதாடவே விட மாட்டார்கள். உடனே மணியார்டர். அப்பா அஞ்சலகத்துக்குப் போய் அனுப்பிவிட்டு வந்து, ரசீதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லித் தம்பியை விரட்டியிருக்கிறார். அதுவும் திரும்பி வந்தால் கோர்ட்டில் கட்ட மனு போடலாமாம்.

9 ஆகஸ்ட், வியாழன்

தேசிய தினம், விடுமுறை. மாலையில் விமானங்கள் பறக்கும் சத்தம் கேட்டு வீட்டுக்கார அக்காவின் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் எதிருரை வரைவோடு உட்கார்ந்திருந்தேன். அழுகையாகவும் வந்தது.

நான் எழுதிய வரைவில் இரண்டு பக்கம் அப்பாவைப் பற்றி. 67 வயது, சர்க்கரை, வேறு பிழைப்பு இல்லை, 32 வருடம், பழைய பித்தளைக்குப் புதுப் பாத்திரம் மாற்ற வரும் கிராமத்து ஆட்கள், இந்த இடம் போனால் அவர்களும் போய்விடுவார்கள். வக்கீல் சார் அத்தனையும் அடித்துவிட்டார். வாடகைதாரர் கஷ்டத்தையும் வீட்டுக்காரர் வசதியையும் தராசில் வைத்துப் பார்ப்பது, அதே கட்டிடத்தில் ஒரு பகுதியில் இருக்கும் வீட்டுக்காரர் கூடுதல் இடம் கேட்கும்போது மட்டும்தான். இந்தப் பிரிவில் தராசே கிடையாது. "ஒரு வரி வெச்சுக்கலாம்மா. ரெண்டு பக்கம் வெச்சா, நம்மகிட்ட வேற பாயிண்ட் இல்லைன்னு நினைப்பாங்க."

சரி. ஒரு வரி. மிச்சத்தை இங்கே எழுதிவிட்டேன்.

மூன்றாம் பத்திக்கான பதில் கடைசியில் இப்படி வந்தது:

"மனுதாரருக்கு வேறு கட்டிடம் இல்லை என்பது உண்மைக்கு மாறானது. மேல வீதியில் உள்ள கடைக்கட்டிடம் மனுதாரர் பெயரில் உள்ளது. அதில் ஒரு பகுதி ஜனவரி 2018 முதல் ஏப்ரல் 2018 முடிய காலியாக இருந்தும், மனுதாரர் தன் மகனுக்குப் பயன்படுத்தாமல் மே 2018-இல் மூன்றாம் நபருக்கு வாடகைக்கு விட்டுள்ளார். இவ்விவரங்களை மனுவில் மறைத்துள்ளார். மகன் தொழில் தொடங்க எடுத்த முயற்சி எதையும் மனுவில் கூறவில்லை. எனவே கோரிக்கை நல்லெண்ணத்தின் பாற்பட்டதல்ல."

கடைசிக்கு முந்திய வரிக்கு நான் விளக்கம் கேட்டேன். மகன் ஏற்கெனவே தொழில் நடத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ஆனால் வெறும் ஆசை மட்டும் போதாது. கருவி வாங்கியது, கடனுக்கு மனு செய்தது, பயிற்சிக்குப் போனது என்று ஏதாவது காட்ட வேண்டும். இனிமேல் அவசரமாக ஏதாவது தயாரித்தாலும், அதிலும் தேதி இருக்குமே!

13 ஆகஸ்ட், திங்கள்

தாக்கல் ஆகிவிட்டது. அப்பா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, பதினோரு மணிக்கெல்லாம் கடைக்குத் திரும்பிவிட்டாராம். அடுத்த வாய்தா செப்டம்பரில், விசாரணைக்கு. வீட்டுக்காரர் முதலில் கூண்டேற வேண்டும், எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். தையற்காரர் சாட்சி சொல்ல வருவாரா என்று தெரியவில்லை, தம்பி அவரைத் தேடி திருவிடைமருதூர் போயிருக்கிறான்.

இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். ஆவணி முகூர்த்தத்துக்குச் சீர் செட் இரண்டு ஆர்டர் வந்திருக்கிறது, அண்டா பதினாறாம் நம்பர் கையில் இல்லை, அதுதான் பெரிய கவலை என்றார். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.