பம்ப் கம்பெனிக்கு ஒரு நன்றி மெயில்

மார்ச் 24, 2025, திங்கள்

பம்ப் கம்பெனி வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. 2023 அக்டோபரில் ஆரம்பித்தது, 18 மாதம் ஆகிவிட்டது. வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ள ஆபீசிலேயே ஒரு தம்பியை வேலைக்குச் சேர்த்திருக்கிறார்கள். முதலாளி சார் போன மாதமே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்து, அதைச் சொல்லிவிட்டார்.

இன்று டொமைனை ஒப்படைத்தேன். அது இதுவரை என் மெயில் ஐடியில் பதிவாகி இருந்தது. கம்பெனி ஐடிக்கு மாற்றி, ஓ.டி.பி. அவர்கள் போனுக்கே போகிறதா என்று தம்பியை வைத்துச் சரிபார்த்தேன். நன்றி மெயிலை நினைத்துத்தான் இதை முதலில் முடித்தேன். சாவியை நம் கையில் வைத்துக்கொண்டு "எப்போதும் தொடர்பில் இருப்போம்" என்று எழுதினால், படிக்கிறவருக்கு அது வேறு மாதிரிதான் கேட்கும்.

மார்ச் 27, வியாழன்

மெயில் எழுத உட்கார்ந்தேன். முதலில் வந்தது இது: "இத்தனை நாள் வாய்ப்பளித்தமைக்கு நன்றி. எதிர்காலத்தில் ஏதேனும் தேவை இருப்பின் தொடர்புகொள்ளவும்."

அழித்துவிட்டேன். இதே இரண்டு வரியை இதற்கு முன்பு வேறொரு வாடிக்கையாளருக்கு அனுப்பியிருக்கிறேன். "நன்றி மேடம்" என்று பதில் வந்தது, அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, டீலர்களுக்கு ஆர்டர் போடும் ஆப் ஒன்றை வேறு ஆளிடம் செய்து வாங்கியதாகச் சொன்னார். "நீங்க அதெல்லாம் பண்ணுவீங்கன்னு தெரியாதுங்களே" என்றார். அவர்மேல் தவறே இல்லை. "ஏதேனும் தேவை" என்று எழுதினால் எந்தத் தேவைக்கு என் ஞாபகம் வரும்?

சாருக்கு எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். வேலை கொடுத்ததற்கும் மாதாமாதம் பணம் போட்டதற்கும் இல்லை. சேர்ந்த இரண்டாவது வாரம், "கம்ப்யூட்டரை மூடி வெச்சுட்டு சர்வீஸ் கவுண்டர்ல ஒரு நாள் உட்காருங்கம்மா" என்றாரே, அதற்குத்தான். அன்று வந்த போன்களில் பாதி ஒரே கேள்வி: "300 அடி போருங்க, எந்த மோட்டார் போடலாம்?" எங்கள் கேட்டலாக்கில் எல்லாம் மீட்டரில் இருந்தது. கவுண்டரில் இருந்த அண்ணன் உடனே மாடல் சொல்லவில்லை. "போர் 300 சரிங்க, தண்ணி எத்தனை அடியில நிக்குது? மேல டேங்க் எவ்வளவு உயரம்?" என்று திருப்பிக் கேட்டார். போரின் ஆழத்தை மட்டும் வைத்து மோட்டார் சொல்லக்கூடாது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெப்சைட்டில் அடிக்கணக்கில் தேடும் வசதியையும், அந்த இரண்டு கேள்விகளையும் வைத்தது அதற்குப் பிறகுதான்.

மெயிலில் இதை எழுத வேண்டும். இதை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது.

மார்ச் 29, சனி

எப்போது அனுப்புவது? 31-ஆம் தேதி கணக்கு முடிக்கும் நாள், ஆபீஸ் முழுக்க பில்லும் ஸ்டாக்கும்தான் பேச்சாக இருக்கும். இந்த வருடம் அன்றைக்கே ரம்ஜானும் வருகிறது. 1-ஆம் தேதி பேங்க் கிடையாது. கடைசி பில்லை இன்று கணக்காளருக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். டி.டி.எஸ். பிடித்ததற்கான ஃபார்ம் 16ஏ ஜூன் 15-க்குள் தர வேண்டியது, அந்த நினைவூட்டலும் அதே மெயிலில் போய்விட்டது. பணம் வரவேண்டியிருக்கும்போது சொல்லும் நன்றி, பணம் கேட்பது போலவே இருக்கும். அதனால் பணம் ஏறிய பிறகுதான் சாருக்கு எழுதுவது.

ஏப்ரல் 2, புதன்

மதியம் பணம் ஏறிவிட்டது. சாயங்காலம் எழுதி முடித்து அனுப்பினேன். தமிழில்தான். ஆங்கிலத்தில் போனால் கணக்காளர் பக்கம் தள்ளிவிடுவார், தமிழில் போனால் போனிலேயே படித்துவிடுவார்.

தலைப்பு: 18 மாதத்துக்கு நன்றி சார்

"வணக்கம் சார்,

மார்ச்சோடு என் வேலை முடிந்தது. டொமைன், பாஸ்வேர்டு, பேக்கப் எல்லாம் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். என்னிடம் இப்போது எதுவும் இல்லை.

ஆரம்பத்தில் என்னைச் சர்வீஸ் கவுண்டரில் ஒரு நாள் உட்காரச் சொன்னீர்கள். அடிக்கணக்கில் மோட்டார் தேடும் வசதி அன்று கேட்ட போன்களிலிருந்து வந்ததுதான். இப்போது எந்த வேலை எடுத்தாலும் முதலில் அப்படி ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அதற்கு என் நன்றி.

தம்பிக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் ஏப்ரல் 15 வரை என்னைக் கூப்பிடலாம்.

ஜனவரியில் புது விலைப்பட்டியல் போடும்போது, டீலர்களுக்கு மாவட்டவாரியாகத் தனித்தனி பி.டி.எஃப். வேண்டும் என்று ஒருமுறை சொன்னீர்கள். அதைச் செய்வதாக இருந்தால் எனக்கு மூன்று வார வேலை. டிசம்பர் நடுவில் ஒரு போன் செய்து கேட்கிறேன். அதுவரை நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டியதில்லை.

சீசன் நன்றாக அமையட்டும் சார்."

இதில் அதிக நேரம் எடுத்தது "ஏப்ரல் 15 வரை" என்ற வார்த்தைகள்தான். முதலில் "எப்போது வேண்டுமானாலும்" என்று எழுதியிருந்தேன். முன்பு ஓரிடத்தில் அப்படி எழுதி, ஐந்து மாதம் ராத்திரி பத்து மணிக்கும் போன் எடுத்தேன். கடைசியில் நானே எடுக்காமல் விட்டேன், அந்த உறவே கெட்டுப்போனது. தேதி போட்டால் முறைப்பு போலத் தெரியுமோ என்று பயம் இருந்தது. ஆனால் தேதி இருந்தால்தான் அந்தத் தம்பியும் கூச்சமில்லாமல் கூப்பிடுவான்.

இன்னொன்றை வேண்டுமென்றே எடுத்தேன். "தம்பி புதியவர் என்பதால் சிரமம் வரலாம்" என்று ஒரு வரி இருந்தது. உதவியாகத்தான் எழுதினேன். மறுபடி படித்தபோது அவன் வேலையை நான் குறைத்துப் பேசுவது போல இருந்தது.

பி.டி.எஃப். வேலை தம்பிக்கே தெரிந்திருந்தால்? தெரிந்திருக்கலாம். அப்படியானால் அவனே செய்யட்டும். அவன் கையில் இருக்கும் அன்றாட வேலைகள் எதையும் நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

காலை 6.40-க்குச் சாரிடமிருந்து பதில்: "படிச்சேன்மா. கவுண்டர் விஷயம் ஞாபகம் வெச்சிருக்கீங்க, சந்தோஷம். டிசம்பர்ல கூப்பிடுங்க." கவுண்டர் அண்ணனிடமும் காட்டியிருக்கிறார் போல, அவரிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு கும்பிடு வந்தது.

வேறெதுவும் எதிர்பார்க்கவில்லை. இந்த மெயிலுக்கு "சரி" என்ற பதிலே போதும், அப்படித்தான் எழுதினேன். "வேறு யாருக்காவது என்னைப் பரிந்துரைப்பீர்களா?" என்று சேர்த்திருந்தால் அவர் யோசித்துப் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். யோசிக்க வேண்டிய மெயில் அப்படியே கீழே போய்விடும்.

ஏப்ரல் 11, வெள்ளி

தம்பி கூப்பிட்டான். ஒரு புது மாடலைச் சேர்த்தபோது அடிக்கணக்குத் தேடலில் அது வரவில்லை. திரையைப் பகிரச் சொன்னேன். மீட்டர் கட்டத்தில் 45 என்று இல்லாமல் "45 மீ" என்று அடித்திருந்தான். எண் மட்டும் இருந்தால்தான் 3.28-ஆல் பெருக்கி அடியாக்கும். பத்து நிமிடத்தில் முடிந்தது. நான் கொடுத்த குறிப்பில் இது இல்லை, சேர்த்து அனுப்பினேன்.

ஏப்ரல் 16, புதன்

நேற்றோடு தேதி முடிந்தது, அதற்குப் பிறகு போன் இல்லை. காலண்டரில் டிசம்பர் 15-இல் எழுதி வைத்தேன்: "பம்ப் கம்பெனி சார். பி.டி.எஃப். எத்தனை மாவட்டம், விலை எக்செல் யாரிடம் இருக்கிறது என்று கேட்க. காலை 7-க்கு முன் கூப்பிடக் கூடாது, தோட்டத்தில் இருப்பார்."