மருந்துத்தாளில் ஒரு வரி

"மூலத்தில் உள்ளபடியே மொழிபெயர்க்கவும்." நான் அனுப்பிய கேள்விக்கு, ஏஜென்சி வழியாகக் கிளையன்டிடமிருந்து வந்த பதில் இவ்வளவுதான். மூலத்தில் என்ன உள்ளது என்பதுதானே என் கேள்வியே?

நோயாளிகளுக்கான மருந்துத்தாள் அது. யார் இந்த மருந்தை எடுக்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில், ஆங்கிலத்தில் முதலில் சிறுநீரக நோய், 'அல்லது' போட்டுச் சர்க்கரை நோய், அதற்கும் பின்னால் 'கட்டுக்குள் இல்லாத' என்ற அடை. அது சர்க்கரைக்கு மட்டுமா, இரண்டுக்குமா? ஆங்கிலத்தில் எப்படியும் படிக்கலாம். தமிழில் அடை முன்னால் வந்தாக வேண்டும். 'கட்டுக்குள் இல்லாத சிறுநீரக நோய் அல்லது சர்க்கரை நோய்' என்று எழுதினால் குழப்பத்தைக்கூட விசுவாசமாகக் கொண்டுவந்த மாதிரி இருக்கும். ஆனால் படிப்பவர் அடையைச் சிறுநீரகத்தோடு நிறுத்திக்கொண்டால், சர்க்கரை உள்ள யாருக்குமே மருந்து கூடாது என்றாகிவிடும். மூலத்தில் இல்லாத மூன்றாவது அர்த்தம்.

அதனால் மறுபடி கேட்டேன். தமிழே தெரியாதவரும் டிக் போடும்படி: அ, சிறுநீரக நோயாளிகள் எல்லோருக்கும் கூடாது, ஆ, நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு மட்டும் கூடாது. குறித்த தேதிக்குள் பதில் இல்லையென்றால் 'அ' என்று வைத்து அனுப்புவோம் என்றும் சேர்த்தேன். கடுமையானது பாதுகாப்பானது என்ற கணக்கு. தேவையான மருந்தை ஒருவர் நிறுத்திவிடுவதும் ஆபத்துதான் என்பது அப்புறம்தான் உறைக்கிறது.

"ஒரு வரிக்காக இன்னொரு தடவை அவங்களைத் தொந்தரவு பண்ணணுமா சார்?" என்றார் ஏஜென்சியின் புராஜெக்ட் மேனேஜர். மறுநாள் போனில், "அ-ன்னு சொல்லிட்டாங்க." மெயிலில் கேட்டு வாங்கினேன். பதிலை அதே சொற்களில் எக்செல் பட்டியலில் ஒட்டி, தேதி, யார் வழியாக வந்தது, எந்தெந்தக் கோப்புகளில் அந்த வரி வருகிறது என்றெல்லாம் குறித்தேன். இந்தி, தெலுங்குக்காரர்களும் அதே பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். தனித்தனியாகப் பதில் வாங்கினால் மொழிக்கு ஒரு மருந்துத்தாள் ஆகிவிடும்.

சில மாதங்கள் கழித்து ஆங்கிலத்தின் புதிய பதிப்பு வந்தது. அந்த வரியைத் தெளிவாகத் திருத்தியிருந்தார்கள். 'ஆ' என்று.

மருத்துவ ரீதியாக ஏதாவது மாறியதா, அல்லது முதல் பதிலே யாரோ அவசரத்தில் போட்ட டிக்கா? மெயிலை அனுப்பியவர் அவர்கள் பக்கத்து ஒருங்கிணைப்பாளர். மருத்துவர் யாராவது பார்த்தாரா என்பது அதில் இல்லை. ஏஜென்சியைத் தாண்டிக் கிளையன்டிடம் பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். என் வரையில் எல்லாம் சரி, பட்டியலே சாட்சி. ஆனால் அந்தப் பட்டியலை நோயாளிக்காக வைத்தேனா, எனக்காக வைத்தேனா என்று கேட்டால் உடனே பதில் வருவதில்லை.

பழைய வரியை, முன்பு மொழிபெயர்த்த வரிகளைச் சேமித்து வைத்து மறுபடி எடுத்துத் தரும் மொழிபெயர்ப்பு நினைவகத்திலிருந்து அழிக்காமல், மாற்றப்பட்டது என்று குறித்து வைத்தேன். ஏற்கெனவே அச்சாகிப் போன தாள்களை என்ன செய்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்தான். கேட்டிருந்தால் அடுத்த வேலை வந்திருக்குமா என்பதும் கூடவே தோன்றுகிறது.