ஏரியின் நடுவில் விழுந்த ஓட்டைகள்

தென்சென்னையின் வான்படங்களில் நீர்நிலைகளைப் பிக்சல் பிக்சலாகக் குறிக்க நாங்கள் பயிற்றிய மாடல், பெரும்பாக்கம் ஏரியின் கரையோரம் முழுக்கச் சரியாக வரைந்திருந்தது. நடுவில் மட்டும் பெரிய பெரிய ஓட்டைகள். அந்த இடங்களையெல்லாம் தார்த்தளம் என்று குறித்திருந்தது. மேலே இருந்து எடுத்த படத்தில் கலங்காத நீரும் தார் போட்ட முற்றமும் ஒரே மாதிரி கருப்பாகத்தான் தெரியும் என்பது இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான்.

"லேபிள் பத்தலை, இன்னும் நாலு ஏரியைக் குறிச்சுச் சேர்த்துடலாம்" என்றார் மேலாளர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டைகள் கண்டபடி விழவில்லை. ஏரியைச் சுற்றி எங்கே அளந்தாலும் கரையிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில், ஆறேழு மீட்டரில், தப்பு தொடங்கியது. லேபிள் குறையாக இருந்தால் தப்பு இப்படித் தூரத்தைப் பார்த்து நடக்காது. மாடலின் பார்வை எட்டாத தூரம் என்றால்தான் நடக்கும்.

ஒரு பிக்சலுக்கு விடை சொல்ல மாடல் பார்க்கும் ஜன்னலை, அதாவது ரிசெப்டிவ் ஃபீல்டை, கணக்குப் போட இவ்வளவு போதும்:

```python
r, j = 1, 1
for k, s, d in layers:
    r += (k - 1) * d * j
    j *= s
```

`k` கெர்னல் அளவு, `s` ஸ்டிரைடு, `d` டைலேஷன், அதாவது கெர்னல் தொடும் புள்ளிகளுக்கு இடையிலான தூரம். `j` என்பது அந்த அடுக்கில் ஓர் அடி நகர்ந்தால் மூலப்படத்தில் எத்தனை பிக்சல் நகர்கிறோம் என்பது. எங்கள் மாடலில் இரண்டு 3×3 கன்வல்யூஷன், பிறகு 2×2 பூலிங். இதே தொகுதி மூன்று முறை. முதல் இரண்டு கன்வல்யூஷனில் `r` 3, 5 என்று ஏறும். பூலிங்கில் 6 ஆகி, `j` இரட்டிக்கும். இப்படியே போனால் மூன்றாவது பூலிங் முடிவில் `r` 36, `j` 8. கடைசியில் இருக்கும் இரண்டு கன்வல்யூஷனும் ஆளுக்குப் பதினாறு சேர்க்க, மொத்தம் 68.

படத்தில் ஒரு பிக்சல் 30 செ.மீ. அப்படியானால் 68 பிக்சல் என்பது சுமார் 20 மீட்டர். நடுவிலிருந்து ஒரு பக்கம் 10 மீட்டர்தான். தப்பு அதற்கும் முன்பே தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஜன்னலின் ஓரத்துப் பிக்சலிலிருந்து விடைக்குப் போகும் வழிகள் சில. நடுப் பிக்சலிலிருந்து ஏராளம். அதனால் கணக்கில் வரும் ஜன்னலைவிட உண்மையில் வேலை செய்யும் ஜன்னல் சிறியது. ஒரு விடைப் பிக்சலின் கிரேடியன்டை உள்ளீட்டுப் படத்தின் மேல் வரைந்து பார்த்தோம்: நடுவில் திரண்டு, ஓரத்தில் கரைந்து போயிருந்தது. படம் முழுவதற்கும் ஒரே விடை சொல்லும் வகைப்படுத்தலில், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இந்தக் குறை அவ்வளவாக வெளியே தெரியாது. செக்மென்டேஷனில் ஒவ்வொரு பிக்சலும் தன் ஜன்னலை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்கிறது.

படத்தைப் பாதியாகச் சுருக்கினால் ஜன்னல் தானாக இரட்டிக்கும். ஆனால் ஒரு மீட்டர் அகல மழைநீர்க் கால்வாய் இரண்டு பிக்சலுக்கும் குறைவாகிவிடும். அதை இழக்க எனக்கு மனமில்லை. கடைசி இரண்டு அடுக்குகளை எடுத்துவிட்டு டைலேஷன் 1, 2, 5 உள்ள மூன்றைப் போட்டேன். 36 என்பது 52, 84, 164 என்று வளர்ந்தது. டைலேஷன் இல்லாமல் அந்த 164-ஐ எட்ட எட்டு அடுக்கு வேண்டியிருக்கும். மூன்றிலும் 1-ஐ விடப் பெரிய ஒரே டைலேஷன் எண்ணை வைத்தால் இடையில் பார்க்காத பிக்சல்கள் விட்டுப்போய், விடையில் கட்டம் கட்டமாகத் தடம் விழும். அதனால்தான் எண்களை மாற்றி வைத்தது.

ஓட்டைகள் மூடின. அப்போதுதான் குழுவில் இருக்கும் இளம் பொறியாளர் கேட்டாள்: "அக்கா, 164 பிக்சல்னா 49 மீட்டர்தானே. கரையிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கிற பிக்சலுக்குக் கரை இன்னமும் தெரியாதே. அது எப்படிச் சரியாச்சு?"

கரை தெரியவேண்டியதில்லை, 49 மீட்டருக்கு ஒரு கோடோ காரோ மரமோ இல்லாத கருப்பு என்பதே தண்ணீருக்கு அடையாளம் என்றேன். எங்கள் படங்களில் அவ்வளவு பெரிய வெறும் தார்த்தளம் கிடையாது. இப்போதும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அதை நான் சோதித்துச் சொல்லவில்லை. மாற்றத்துக்குப் பிறகு மாடலை முதலிலிருந்து பயிற்றியதில் வேறு ஏதோ சரியாகியிருக்கலாம். மேலாளர் சொன்ன ஏரிகளைச் சேர்த்திருந்தாலும், கரை தெரியாத அந்த நீரின் மேற்பரப்பை மாடல் கற்றிருக்குமோ? பழைய 68-ஐ அப்படியே வைத்து, லேபிளை மட்டும் கூட்டி ஒருமுறை ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நேரம் இல்லை என்பது உண்மை. ஜெயித்த பிறகு ஓட்டிப் பார்க்க எனக்கு ஆர்வம் இல்லை என்பதும் உண்மை.

என் பதில் சரியென்றால் இன்னொன்றும் நடக்க வேண்டும். வடக்கே எண்ணூரில் கார்களை ஏற்றுமதிக்கு நிறுத்தும் முற்றம் காலியாக இருக்கும் நேரம், அதன் நடுவை மாடல் ஏரி என்று சொல்ல வேண்டும். மாடலைக் கேட்டவர்களுக்குத் தென்சென்னை மட்டும்தான் தேவைப்பட்டது. வடக்கின் படம் எங்களிடம் இல்லை. பெரிய தார் முற்றங்களில் சோதிக்கவில்லை என்று ஒப்படைப்புக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன். அந்த மாடல் இப்போது எந்தப் பகுதிப் படங்களில் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாது.