கத்திரி வெயிலில் வரும் 91

கத்திரி தொடங்கிவிட்டால் எங்கள் ஐ.சி.யூ.வுக்கு வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் செங்கல் சூளை, கல் உடைக்கிற இடம், கட்டட வேலை. வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இவர்களில் சிலருக்கு நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் இரண்டு பக்கமும் காற்று சுத்தமாகப் போய்வரும். ஆனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டிய மீட்டர் 91 சதவீதம் காட்டும். புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகள் உடனே கேட்பது, "அக்கா, நிமோனியாவா?"

போன கோடையில் வந்த சூளைத் தொழிலாளி ஒருவருக்கு உடம்புச் சூடு 41 டிகிரி, அதாவது ஏறக்குறைய 106 பாரன்ஹீட். உளறிக்கொண்டிருந்தார், ஆனால் இருமும் திறன் நன்றாக இருந்தது. மீட்டரில் 91. ஆக்ஸிஜன் வைக்கும் முன்பே மணிக்கட்டுத் தமனியிலிருந்து ஏ.பி.ஜி. என்ற ரத்த வாயுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டோம். மெஷினில், ரத்தத்தில் அமிலம் கூடினால் இறங்கும் பி.எச். 7.26, ஆக்ஸிஜன் அழுத்தம் 71. வாசலில் நின்ற அவர் தம்பி, "இன்னா சிஸ்டர், மூச்சு கொறஞ்சிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த எண்களை மட்டும் பார்த்தால் 'ஆமாம்' என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஆனால் மெஷின் ரத்தத்தை எப்போதும் 37 டிகிரியில் வைத்துத்தான் அளக்கும். நோயாளியின் சூட்டை நாம் தட்டச்சு செய்து கொடுத்தால்தான் அவர் உடம்புக்குள் இருக்கும் எண்ணைக் கணக்கிட்டுச் சொல்லும். அவசரத்தில் அந்தக் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. 41 என்று கொடுத்ததும் பி.எச். 7.20 ஆனது, ஆக்ஸிஜன் அழுத்தம் 95-க்குப் போனது. 95 என்றால் நுரையீரல் தன் வேலையைச் செய்கிறது. அப்புறம் ஏன் 91?

ஆக்ஸிஜன் அழுத்தம் ஏற ஏற, ரத்தத்தில் அதைச் சுமக்கும் ஹீமோகுளோபின் எவ்வளவு நிரம்புகிறது என்பதைக் காட்டும் அந்த எஸ் வடிவக் கோட்டை எல்லோரும் படித்திருக்கிறோம். சாதாரண உடம்பில் அழுத்தம் சுமார் 27 மி.மீ. இருக்கும்போது பாதி நிரம்பியிருக்கும், 95-ல் 97 சதவீதம். சூடு ஏறினாலும், பி.எச். இறங்கினாலும், கார்பன் டை ஆக்ஸைடு கூடினாலும் கோடு வலப்பக்கம் நகரும். அதே அழுத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாகவே பிடித்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்ஸைடு பெரும்பாலும் அமிலத்தைக் கூட்டித்தான் இதைச் செய்கிறது, கொஞ்சம் நேராகவும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. கார்பன் டை ஆக்ஸைடு கூடினால் கோடு இப்படி நகரும் என்பதை கிறிஸ்டியன் போர் என்ற டென்மார்க்காரர் 1904-லேயே சக ஆய்வாளர்களுடன் கண்டு சொன்னார். இவருக்கு 41 டிகிரியும் 7.20-ம் சேர்ந்து, பாதி நிரம்பும் புள்ளியை 42 பக்கம் தள்ளிவிட்டன. அந்தக் கோட்டில் 95 மி.மீ.க்கு 91 சதவீதம்தான் வரும். மீட்டர் பொய் சொல்லவில்லை.

இதில் எனக்குப் பிடித்த பகுதி மறுமுனைதான். திசுக்களில் அழுத்தம் 40 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஆளுக்கு அங்கே 75 சதவீதம் மிச்சமிருக்கும், ஆக இறக்கிவிட்டது 22. இவருக்கு 48 பக்கம்தான் மிஞ்சும். 91-லிருந்து 48 போனால் 43. ஏற்றும்போது ஆறு சதவீதம் விட்டுக்கொடுத்து, இறக்கும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறது. சூட்டில் வெந்துகொண்டிருக்கும் தசைக்கு அதுதானே தேவை!

டியூட்டி டாக்டர் சார் மூச்சுக் குழாயில் டியூப் போட வேண்டாம், முதலில் குளிர வையுங்கள் என்றார். உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து ஃபேனைத் திருப்பினோம், அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் பை. முகமூடியில் ஆக்ஸிஜனும் வைத்தோம், அதில் தப்பில்லை. சூடு 38.5-க்கு வந்த பிறகு முகமூடியைக் கழற்றிப் பார்த்தால் மீட்டரில் 96. பி.எச். 7.32. மருந்து எதுவும் நுரையீரலுக்குக் கொடுக்கவில்லை.

இதை வைத்து 'வெயில் அடித்தவருக்கு 91 பரவாயில்லை' என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தாலும் இதே 91 வரும். அப்போது சூட்டைக் கொடுத்துத் திருத்திய பிறகும் அழுத்தம் 60, 65-லேயே நிற்கும், எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியும். 85-க்குக் கீழே போனால் கோட்டைக் குறை சொல்ல முடியாது. சூடு மட்டும் அவ்வளவு தூரம் இழுக்காது.

அன்று ஒரு ஜூனியர் டாக்டர் பி.எச்.-ஐப் பார்த்து சோடா பைகார்ப் கேட்டார். சார் வேண்டாம் என்றுவிட்டார். சட்டென்று அமிலத்தைக் குறைத்தால் கோடு இடப்பக்கம் திரும்பும், மீட்டரில் எண் அழகாக ஏறும், ஆனால் திசுவில் ஹீமோகுளோபின் பிடியை விடாது. குளிர வைத்து, சலைன் ஓட்டி, அமிலம் உண்டாவதையே நிறுத்தினால் அது தானாக இறங்கும். அவருக்கு இறங்கியது.