மூன்று பயணம், ஒரு பியூரெட்: தண்ணீரை நிறுத்து அளவு பார்த்த கதை

மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. முதல் இரண்டு தடவையும் என்ன பிழைத்தது என்பதை எழுதிவைத்தால், என்னைப்போல் வெயில் ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்ய வெளிக்கிடும் யாருக்காவது இரண்டு நாள் மிச்சமாகும்.

திருகோணமலையில் ஒரு சிறிய தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வெள்ளி நைத்திரேற்றால் குளோரைட்டு நியமிப்பு செய்வது என் அன்றாட வேலை. அதற்கு இருப்பது ஒரே ஒரு நல்ல பியூரெட், பள்ளிக்கூடத்தில் அளவி என்று படித்தோமே, அதுதான். 50 மி.லீ., கண்ணாடியில் A என்றும் Ex என்றும் 20 °C என்றும் பொறித்திருக்கும். கணக்காய்வுக்கு வந்தவர் அதன் அளவுத்திருத்தப் பத்திரத்தைக் கேட்டார். பத்திரம் எங்கேயும் இல்லை. வாங்கிய கடையில் கேட்டால், விற்று இவ்வளவு காலத்துக்குப் பிறகு தர முடியாது என்றுவிட்டார்கள். சரி, நாங்களே செய்வோம் என்று இறங்கினேன். பியூரெட்டிலிருந்து விடும் தண்ணீரை நிறுத்து, அது உண்மையில் எத்தனை மி.லீ. என்று கணக்கிட்டுப் பார்ப்பதுதான் வழி.

எங்கள் தராசு இரண்டு தசமம்தான் காட்டும். A வகை 50 மி.லீ. பியூரெட்டுக்கு அனுமதிக்கும் பிழை 0.05 மி.லீ.; தண்ணீரில் அது ஏறக்குறைய 0.05 கிராம். கடைசி இலக்கமே 0.01 கிராமாக இருக்கிற தராசில், முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று இரண்டு நிறுவை எடுத்துக் கழித்தால் தீர்ப்புச் சொல்ல இடமே இருக்காது. மூன்று தசமம் காட்டும் தராசு போதும். நகரில் இன்னொரு நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் நான்கு தசமத் தராசு இருந்தது. அங்கேதான் போனேன்.

முதல் நாள் வாசலோடு முடிந்தது. "மிஸ், கடிதத்தில சீல் இல்ல. சீல் வச்சுக்கொண்டு நாளைக்கு வாங்க" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். கடிதத் தலைப்பு இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது, வேண்டுமென்றால் தொலைபேசியில் கேளுங்கள் என்றேன். அவர் தாளைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். துவாயில் சுற்றிய பியூரெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் திரும்பினேன். போகிறவர்கள் சீலோடு போங்கள்.

இரண்டாம் நாள் கடிதம் சரி. தராசு அறையைப் பார்க்கும் அண்ணன் நல்ல மனுசர். தராசை ஏற்கெனவே சூடேற்றி, 50 கிராம் படிக்கல்லும் வைத்துச் சரிபார்த்து வைத்திருந்தார். பியூரெட்டை முதல் நாள் இரவே சவர்க்காரத் தூள் கரைசலில் ஊறவைத்துக் கழுவியிருந்தேன். தண்ணீர் இறங்கும்போது உட்சுவரில் துளியாக ஒட்டாமல் ஒரே படலமாக வழிந்தால்தான் அது சுத்தம். ஒரு துளி மேலே தங்கிவிட்டால் அதுவே அளவில் குறையாக வரும். அடைப்பானும் பூச்சியம்வரை நிரப்பிப் பத்து நிமிடம் விட்டும் ஒழுகவில்லை. இவ்வளவும் ஒழுங்காகச் செய்தவள்தான் தண்ணீரில் கோட்டை விட்டேன்.

காய்ச்சி வடித்த தண்ணீரை ஐந்து லீற்றர் கானில் கொண்டுபோனேன். கச்சான் காற்று வீசுகிற நாள். ஓட்டோவின் பின்பக்கத்தில் கான், அதற்கு மேலே வெயில். அறைக்குள் போனதும் ஏசிக் குளிர் உடம்புக்குச் சுகமாக இருந்தது. சுவர் வெப்பமானி 27 °C காட்டியது. படிவத்தில் வெப்பநிலை என்ற கட்டத்தில் அதை எழுதினேன். பூச்சியம்வரை நிரப்பி, மூடியுள்ள கூம்புக் குடுவைக்குள் 50 மி.லீ. விட்டு, மூடி, நிறுத்தேன். 49.7056 கிராம்.

இந்த நிறையைக் கனவளவாக்கும் கணக்கு இதுதான்:

```
V20 = m × Z × [1 − 0.0000099 × (t − 20)]
```

Z என்பது தண்ணீரின் அடர்த்தியையும் காற்றின் மேலுதைப்பையும் ஒன்றாகச் சேர்த்த எண். காற்று தண்ணீரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், தராசின் உருக்குப் படிக்கல்லை அதைவிட மிகக் குறைவாகத் தூக்கும். அதனால் தராசு உண்மையைவிடக் குறைத்தே காட்டும். 50 மி.லீ.க்கு அந்தக் குறை மட்டும் 0.05 மி.லீ. வரை வருகிறது. அனுமதிக்கும் பிழை முழுவதும் அவ்வளவுதான் என்பதால் இதை விட்டுவிட்டுக் கணக்குப் போடவே கூடாது. பின்னால் வரும் அடைப்புக்குறி கண்ணாடியின் விரிவு. அதில் உள்ள எண் போரோசிலிக்கேட்டுக்கு உரியது. எங்கள் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை 25 °C உடன் முடிந்துவிட்டது, நம் ஊரில் அந்த வெப்பநிலைக்குத் தண்ணீரைக் கொண்டுவருவதே பெரிய பாடு. அதனால் அதைவிடக் கூடிய வெப்பநிலைகளுக்கு உரிய Z எண்களைக் கணக்கிட்டு நானே எழுதிச் சேர்த்தேன்: 27க்கு 1.0045, 28க்கு 1.0048, 29க்கு 1.0051, 30க்கு 1.0054, 31க்கு 1.0057. கடல் மட்டத்துக் காற்றழுத்தத்துக்கு இவை சரி. மலைநாட்டில் இருப்பவர்கள் அந்த அழுத்தத்துக்கு உரிய எண்ணைப் பார்க்க வேண்டும்.

பின்னேரம் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து 27 °C என்று கணக்குப் போட்டால் 49.93 மி.லீ. வந்தது. 0.07 குறைவு. A வகைக்கு உரிய எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரேயொரு நல்ல பியூரெட்டும் கைவிட்டுப் போனதே என்ற கவலையோடு சிவப்புத் தாளில் 'பாவிக்க வேண்டாம்' என்று எழுதி அதில் ஒட்டினேன். இவ்வளவு காலமும் கொடுத்த கிணற்று அறிக்கைகள் எல்லாம் மனதில் வந்து போயின.

உதவி செய்தவருக்கு முடிவைச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"தங்கச்சி, நீங்க எழுதினது தண்ணிட வெப்பநிலையா, அறைட வெப்பநிலையா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரே சொன்னார்: "நீங்க விட்டுட்டுப் போன கான் தண்ணியில நான் கை கழுவினன். வெதுவெதெண்டு இருந்திச்சு."

உடனே, தண்ணீர் 31 °C ஆக இருந்திருந்தால் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே 49.7056 கிராம், இப்போது 49.98 மி.லீ. குறை 0.02 மட்டும். நல்ல பியூரெட்! நான்கு பாகை வித்தியாசம் தீர்ப்பையே மாற்றுகிறது. நினைவில் வைக்க ஒரு எண் வேண்டுமென்றால், இந்த வெப்பநிலைகளில் ஒரு பாகை பிழைத்தால் 50 மி.லீ.யில் ஏறக்குறைய 0.015 மி.லீ. பிழைக்கும்.

ஆனால் 31 என்பது என் ஊகம். ஆரம்பத்தில் 33 ஆக இருந்திருக்கலாம், முடியும்போது 30க்கு இறங்கியிருக்கலாம். சூடான தண்ணீரை நிறுப்பதில் இன்னொரு கெடுதியும் உண்டு. குடுவை அறையைவிடச் சூடாக இருந்தால் அதைச் சுற்றிக் காற்று மேலெழும்பித் தட்டைத் தூக்கும், நிறை குறைவாகக் காட்டும். இரண்டாம் நாள் தராசின் கடைசி இலக்கங்கள் நிற்காமல் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான் என்று பிறகு விளங்கியது. உங்கள் தராசு அப்படி ஒரே பக்கமாக நகர்ந்தால் தராசைக் குறை சொல்லாமல் தண்ணீருக்குள் வெப்பமானியை வையுங்கள். அந்த நாள் படிவத்தைக் குறுக்கே கோடு போட்டுக் கோப்பில் வைத்தேன்.

மூன்றாம் பயணத்துக்கு, முதல் நாள் மூன்று மணிக்கே தண்ணீர், பியூரெட், குடுவை எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். இரவு முழுவதும் தராசு அறையிலேயே இருந்தன. காலையில் ஏசியைப் போடவில்லை. மின்விசிறியும் இல்லை, யன்னலும் பூட்டு. வியர்த்து ஒழுகியது, ஆனால் அறை, தண்ணீர் இரண்டும் ஒரே வெப்பநிலையில் நின்றன. பாகையில் பத்தில் ஒன்று காட்டும் வெப்பமானியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்தேன். தொடங்கும்போது 28.2, முடியும்போது 28.4.

இந்த முறை 50 மட்டும் பார்க்காமல் 10, 20, 30, 40, 50 என்று ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மறுபடி நிரப்பி விட்டேன். கோட்டுக்கு மேலே சற்று நிறுத்தி, சுவரில் உள்ளது வழிந்து இறங்கக் கொஞ்ச நேரம் கொடுத்து, பிறகு துளித்துளியாகப் பிறையுருவைக் கோட்டில் உட்காரவைக்க வேண்டும். நுனியில் தொங்கும் கடைசித் துளியைக் குடுவையின் உட்சுவரில் தொட்டு எடுத்துவிட வேண்டும். ஒரு துளி ஏறக்குறைய 0.05 மி.லீ.; அதை மறந்தால் எல்லை முழுவதும் அந்தத் துளியிலேயே போய்விடும். குடுவையை ஒவ்வொரு தடவையும் உள்ளே உலர்த்தத் தேவையில்லை. விடுவதற்கு முன்னும் பின்னும் நிறுப்பதால் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் கழிந்துவிடும். வெளிப்பக்கமும் கழுத்தும் காய்ந்திருந்தால் சரி. (கனமானக் குடுவையை அளவு பார்ப்பதென்றால் இது செல்லாது, அதை முற்றாக உலர்த்தித்தான் வெறும் நிறை எடுக்க வேண்டும்.) மூடியை மட்டும் உடனே போடுங்கள், நம் ஊர்ச் சூட்டில் தண்ணீர் பறந்துகொண்டே இருக்கும்.

40இல் நிற்கும்போது கரண்ட் போனது. வந்த பிறகு தராசு மறுபடி சூடேற ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். அண்ணன் பிளேன்டீ ஊற்றித் தந்தார்.

50க்கு மூன்று நிறுவை: 49.7455, 49.7510, 49.7422 கிராம். 28.3 °C க்குக் கண்ணாடியின் விரிவையும் சேர்த்த பெருக்கும் எண் 1.00482. கனவளவுகள் 49.985, 49.991, 49.982, சராசரி 49.986. குறை 0.01 மட்டும். ஒன்றுக்கொன்று 0.01க்குள் நின்றதைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. திருத்தமே செய்யாமல் ஒரு கிராம் ஒரு மி.லீ. என்று எடுத்திருந்தால் கால் மி.லீ. குறை என்று வந்திருக்கும்.

இடைப்புள்ளிகளைப் பார்த்தது வீண்போகவில்லை. 10இல் 0.01 கூட, 20இல் சரியாக, 30இல் 0.03 குறைவு, 40இல் 0.02 குறைவு. அதாவது இந்தக் குழாயின் மோசமான இடம் 30, முழு அளவு அல்ல. 50ஐ மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இராது. எந்த இரண்டு புள்ளிகளின் பிழைகளுக்கும் இடையிலான வித்தியாசமும் 0.05ஐத் தாண்டக் கூடாது என்பது A வகையின் விதி; இங்கே ஆகக் கூடியது 0.04. எங்கள் கிணற்று மாதிரிகள் பெரும்பாலும் 20க்கும் 30க்கும் நடுவில் முடிவதால் அந்த 0.03ஐ இனிக் கணக்கில் சேர்த்துத்தான் எழுதுவேன்.

படிவத்தில் வெப்பநிலைக் கட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் 'தண்ணீர்', மற்றதில் 'அறை' என்று எழுதி அச்சடித்துவிட்டேன். பியூரெட்டில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளை வெந்நீரில் நனைத்து உரித்தெடுத்தேன். பசை கொஞ்சம் இன்னும் கண்ணாடியில் இருக்கிறது.