நாற்காலிக்கு அடியில் இருந்த சிலந்தி

மகனின் கெண்டைக்காலில் சிவந்து வீங்கிய ஒரு கட்டி. அவன் தினமும் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியின் அடியில் ஒரு சிலந்தி. "அதுதான்பா கடிச்சிருக்கு" என்றான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். பாதி சிலந்திகள் பழுப்புதான். அதனால் தொடுவதற்கு முன் வலையைக் கலைக்காமல் படம் எடுத்தேன். சக்கரம் போன்ற ஒழுங்கான வலை இல்லை, எந்தத் திசையும் இல்லாமல் சிக்கலாக ஓடும் நூல்கள். வலை கட்டாமல் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய சிலந்தி வகை இல்லை என்பது அதிலேயே தெரிந்தது. ஆனால் வீட்டு மூலைகளில் ஒட்டடை கட்டும் சாதாரணச் சிலந்தியின் வலையும் இப்படித்தான் இருக்கும். குச்சியால் ஒரு நூலை இழுத்தபோது மெல்லப் பட்டென்று ஒரு சத்தம். ஒட்டடை நூல் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

அடுத்து உடல். கோலிக்குண்டு மாதிரி உருண்ட வயிறு, பட்டை போட்ட நீண்ட கால்கள். நாற்காலியைச் சாய்த்ததும் காலை மடக்கிச் சுருண்டுகொண்டது. அப்போது வயிற்றின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் மணற்கடிகாரம் போன்ற குறி தெரிந்தது. சந்தேகத்தைத் தீர்த்தது பக்கத்தில் தொங்கிய முட்டைப் பை. வெளிர் மஞ்சள் உருண்டை, மேலெல்லாம் சின்னச் சின்ன முள். சாதாரண வீட்டுச் சிலந்தியின் பை வழவழப்பாக இருக்கும். ஆக, இது பிரவுன் விடோ. விஷத்துக்குப் பேர்போன பிளாக் விடோ சிலந்தியின் உறவு. ஆனால் இதன் கடி பெரும்பாலும் அந்த இடத்து வலி, சிவப்போடு நின்றுவிடும்.

சரி, சிலந்தி யாரென்று தெரிந்தது. கடித்தது அதுவா என்பது வேறு கேள்வி. அது வலையை விட்டு வெளியே வந்து தேடிக் கடிப்பதில்லை. உடம்போடு நசுங்கினால்தான் கடிக்கும். அப்போது சுருக்கென்று வலித்திருக்க வேண்டும். மகனைக் கேட்டேன். அப்படி எதுவும் நினைவில்லையாம். கட்டி இரண்டு நாளாக மெல்லப் பெருத்து, சூடாகி, நடுவில் சீழ் கோத்திருந்தது. சிலந்திக் கடியில் சீழ் வைப்பது வழக்கமில்லை. 'சிலந்திக் கடி' என்று மருத்துவரிடம் வருபவற்றில் பல, தோலில் பாக்டீரியா தொற்றிய கட்டிகள்தான்.

வியர்த்துக் கொட்டுவது, வயிறோ முதுகோ இறுக்கிப் பிடிப்பது, வலி கடித்த இடத்தை விட்டு மேலே ஏறுவது, இவற்றில் ஒன்று இருந்திருந்தால் படமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், நேராக மருத்துவமனைதான். எதுவும் இல்லை. ஆனால் சீழ்க்கட்டியையும் சும்மா விடக்கூடாது என்று அன்றே கூட்டிப்போனேன். மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றினார். சிலந்தியின் படத்தைக் காட்டினேன், சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார்.

நாற்காலியை வெளியே கொண்டுபோய், கையுறை போட்டுக்கொண்டு வலையோடு பைகளையும் துடைத்தெடுத்தேன். மொத்தம் நான்கு பைகள்.